கிடங்கு இடக்குறியீடும் வைப்பு விதிகளும்

கிடங்கு இடக்குறியீடு என்பது, கிடங்கு ஒன்றில் சரக்கு வைக்கக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் தனித்த ஒரு குறியைக் கொடுத்து, அக்குறியை அந்த இடத்திலேயே எழுதி ஒட்டும் முறை ஆகும். வைப்பு விதிகள் என்பவை, வந்திறங்கிய சரக்கை எந்த இடத்தில், எந்த வரிசையில், எந்தப் பதிவுடன் வைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் விதிகள் ஆகும். இவை இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. குறி இல்லாத இடத்தில் வைத்ததைப் பதிவு செய்ய இயலாது. விதி இல்லாமல் வைத்தால் ஒட்டப்பட்ட குறி பயனற்றுப் போகும்.

கிடங்கைக் குறிக்கப் பேச்சு வழக்கில் உள்ள குடோன் என்ற சொல், மலாய் மொழியின் 'குடாங்' வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று திரும்பியது என்றும், அதன் மூலம் தமிழ் 'கிடங்கு' அல்லது தெலுங்கு 'கிடங்கி' என்றும் கருதப்படுகிறது. இக்கட்டுரை, இரண்டு அல்லது மூன்று பணியாளர்களைக் கொண்ட சிறு மொத்த விற்பனைக் கிடங்கில் இம்முறை செயல்படும் விதத்தை, குழாய் இணைப்புப் பொருட்களின் (பிளம்பிங் பிட்டிங்ஸ்) கிடங்கு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

## தேவை

சிறு கிடங்குகளில் பொருள் இருக்கும் இடம் பெரும்பாலும் பழைய பணியாளர் ஒருவரின் நினைவிலேயே இருக்கும். அவர் விடுப்பில் செல்லும் நாளில், கணக்கில் உள்ள பொருள் அடுக்கில் கிடைப்பதில்லை. தேடிக் கிடைக்காத பொருள் இல்லை என்று கருதப்பட்டு மீண்டும் வாங்கப்படுகிறது. சில மாதங்கள் கழித்து, ஒரே பொருள் மூன்று இடங்களில் சிறிது சிறிதாகக் கிடப்பது தெரியவருகிறது.

குழாய் இணைப்புப் பொருட்களில் இச்சிக்கல் கூடுதலாகக் காணப்படும். அரை அங்குல எல்போவும் முக்கால் அங்குல எல்போவும் நிறத்திலும் வடிவிலும் ஒன்றுபோல் இருக்கும். பெட்டியின் மேல் உள்ள சிறிய எழுத்தைப் படித்தாலன்றி வேறுபாடு தெரியாது. எனவே பொருளைப் பார்த்து அடையாளம் காண்பதைக் காட்டிலும், இடத்தைப் பார்த்து அடையாளம் காண்பது விரைவானது; பிழை குறைந்தது.

## இடக்குறியின் அமைப்பு

இடக்குறி பொதுவாகப் பெரிய பகுதியிலிருந்து சிறிய பகுதிக்குச் செல்லும் நான்கு உறுப்புகளைக் கொண்டது. எடுத்துக்காட்டாக `A-07-3-2` என்னும் குறியில்,

* `A` என்பது நடைபாதை. பணியாளர் நடந்து செல்லும் சந்து இது.
* `07` என்பது அந்த நடைபாதையில் உள்ள அடுக்குச்சட்டத்தின் (ராக்) எண்.
* `3` என்பது தட்டு. தரையிலிருந்து மேல்நோக்கி எண்ணப்படும்.
* `2` என்பது அத்தட்டில் இடமிருந்து வலமாக எண்ணப்படும் அறை (பின்).

ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் உறுப்பு அடுக்குச்சட்டத்தின் பெயராக இல்லாமல் நடைபாதையின் பெயராக இருப்பது நல்லது. ஒரு நடைபாதையில் நிற்பவர் இரு பக்கமும் உள்ள தட்டுகளிலிருந்து எடுக்கிறார். இடப்பக்கச் சட்டங்களுக்கு ஒற்றைப்படை எண்ணும் வலப்பக்கச் சட்டங்களுக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுத்தால், எண் வரிசைப்படி அச்சிட்ட பட்டியல் அவர் நடக்கும் வரிசைப்படியே அமைந்துவிடும். தெருவில் வீடுகளுக்கு எண் இடும் ஒரு முறையும் இதுவே.

தட்டுகளைத் தரையிலிருந்து எண்ணுவதற்குக் காரணம், பிற்காலத்தில் மேலே ஒரு தட்டு கூட்டப்படலாம் என்பதாகும். மேலிருந்து எண்ணியிருந்தால் புதிய தட்டு வந்தவுடன் அச்சட்டத்தின் எல்லாக் குறிகளும் மாறிவிடும்.

எண்களை ஒரே அகலத்தில் எழுத வேண்டும். `A-2` என்றும் `A-10` என்றும் எழுதினால், விரிதாளில் வரிசைப்படுத்தும்போது `A-10` முதலில் வந்துவிடும். `A-02` என்று எழுதினால் இச்சிக்கல் இல்லை. குறி எழுத்தில் தொடங்குவதும் இதைப் போலவே தேவையானது. `7-3-2` என்று உள்ளிட்டால் விரிதாள் அதனை ஒரு தேதியாக மாற்றிவிடும். `1E05` என்று உள்ளிட்டால் ஓர் இலட்சம் என்னும் எண்ணாகப் படித்துக்கொள்ளும். இம்மாற்றம் ஓசையின்றி நிகழ்வதால், பல நாட்கள் கழித்தே கவனத்துக்கு வரும்.

### எழுத்துகளைத் தெரிவு செய்தல்

`I`, `O`, `Q` ஆகிய எழுத்துகள் 1, 0 ஆகிய எண்களுடன் குழம்பும் என்பதால் இடக்குறிகளில் அவை தவிர்க்கப்படுகின்றன. தமிழ் பேசும் பணியாளர்கள் உள்ள கிடங்கில் மற்றொரு குழப்பமும் உண்டு. `P`, `B` ஆகிய இரண்டையும் தமிழில் 'பி' என்றே எழுதுகிறோம். `T`, `D` இரண்டும் 'டி' ஆகின்றன. துண்டுச்சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தாலும், கடையிலிருந்து குரல் கொடுத்தாலும், இவை வேறுபடுவதில்லை. `M`, `N` ஆகியவையும் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிக்கின்றன.

சிறு கிடங்குக்கு நான்கைந்து எழுத்துகளே தேவைப்படுவதால், `A`, `H`, `K`, `R` போன்று ஒலியாலும் வடிவாலும் விலகி நிற்கும் எழுத்துகளை மட்டும் தெரிவு செய்வது எளிது. இடையில் விடுபட்ட எழுத்துகளால் தீங்கு இல்லை. அகரவரிசை மாறாமல் இருந்தால் போதுமானது.

## குறிச்சீட்டு ஒட்டுதல்

குறிச்சீட்டில் இடக்குறி மட்டுமே நிலையாக அச்சிடப்பட வேண்டும். பொருளின் பெயரையும் சேர்த்து அச்சிட்டால், பொருள் இடம் மாறும்போது சீட்டையும் கிழித்து மாற்ற வேண்டியிருக்கும். மாற்றத் தவறினால் சீட்டு ஒன்றும் தட்டு வேறொன்றும் சொல்லும். பொருளின் பெயரை, செருகி எடுக்கக்கூடிய தனி அட்டையில் எழுதி, சீட்டின் அருகே வைப்பது வழக்கம்.

எழுத்தின் உயரத்துக்குப் பெயர்ப்பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பத்து அடி தொலைவிலிருந்து தெளிவாகப் படிக்க ஓர் அங்குல உயர எழுத்து வேண்டும் என்பதே அது. நடைபாதையின் முகப்பில் தொங்கும் பலகையை வாயிலிலிருந்தே படிக்க வேண்டும் என்பதால் அதில் நான்கு அங்குல எழுத்தும், தட்டின் விளிம்பில் உள்ள சீட்டில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தும் பொருந்தும்.

ஒரு சீட்டு தனக்கு மேலுள்ள இடத்தைக் குறிக்கிறதா, கீழுள்ள இடத்தைக் குறிக்கிறதா என்னும் ஐயம் அடிக்கடி எழும். தட்டின் விளிம்பில் ஒட்டப்படும் சீட்டு அத்தட்டின் மேல் உள்ள பொருளைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டு, எல்லாச் சீட்டுகளிலும் மேல்நோக்கிய அம்புக்குறி அச்சிடுவது இந்த ஐயத்தை நீக்கும். தலைக்கு மேல் உள்ள தட்டின் சீட்டைக் கீழிருந்து படிப்பது கடினம். அத்தட்டுக்கான குறியைச் சட்டத்தின் தூணில் கண் மட்டத்தில் மீண்டும் ஒட்டி, தட்டுக்கு ஒரு நிறம் என்று கொடுப்பது உண்டு.

சீட்டின் தாளும் கவனிக்கத்தக்கது. மை நாடா இல்லாமல் வெப்பத்தால் நேரடியாக அச்சிடும் சீட்டுகள் விலை குறைந்தவை. ஆயினும் தகரக் கூரையின் வெப்பத்தில் அவை மங்கி அல்லது கறுத்துப் படிக்க இயலாமல் போகும். மை நாடா கொண்டு வெப்பத்தால் அச்சிட்டவையும், லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்டு ஒளிபுகும் நெகிழி உறையிட்டவையும் நீடிக்கும். புதிய இரும்புச் சட்டங்களில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைத் துடைத்த பின்னரே ஒட்ட வேண்டும். இல்லையேல் சில வாரங்களில் சீட்டு உதிர்ந்துவிடும்.

பட்டைக்குறி (பார்கோடு) சேர்க்க விரும்பினால், எழுத்தையும் எண்ணையும் ஒருங்கே ஏற்கும் கோட் 39 (1974), கோட் 128 (1981) ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தலாம். படிப்பான் கருவி இல்லாத கிடங்கில் அதற்கு மாற்றாக ஓர் எளிய உத்தி உள்ளது. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் தொடர்பற்ற ஓர் ஈரிலக்கச் சரிபார்ப்பு எண்ணை அச்சிட்டு, பொருளை வைப்பவர் அல்லது எடுப்பவர் அவ்வெண்ணைத் தம் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும் என்று விதிக்கலாம். அவ்விடத்துக்கு நேரில் செல்லாமல் அவ்வெண்ணை எழுத இயலாது.

## வைப்பு விதிகள்

### இருப்பிடமும் சேமிப்பிடமும்

பொருட்களை வைப்பதில் இரு அடிப்படை முறைகள் உள்ளன. நிலையிட முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் நிரந்தரமாக ஒதுக்கப்படும். பணியாளர்கள் இதை விரைவில் மனத்தில் பதித்துக்கொள்வர். ஆனால், அந்த இடம் உயர் இருப்புக்கு ஏற்ற அளவில் ஒதுக்கப்பட வேண்டும். இருப்பு நிறைவதும் குறைவதுமாக இருப்பதால், சராசரியாகப் பாதியளவு இடம் வெறுமையாகவே கிடக்கும். மாறிட முறையில் காலியாக உள்ள எந்த இடத்திலும் எந்தப் பொருளையும் வைக்கலாம். இடம் மிச்சமாகும், ஆயினும் ஒரு பதிவு விடுபட்டால் அப்பொருள் காணாமற்போனதற்கு ஒப்பாகும்.

சிறு கிடங்குகளுக்கு இரண்டும் கலந்த முறையே பொருத்தமானது. ஒவ்வொரு பொருளுக்கும் கைக்கெட்டும் உயரத்தில் சிறிய நிலையான இருப்பிடம் ஒன்று இருக்கும். விற்பனைக்கான பொருள் அங்கிருந்து மட்டுமே எடுக்கப்படும். இருப்பிடத்தில் கொள்ளாத திறக்காத பெட்டிகள், அடித்தட்டிலோ மேல்தட்டிலோ காலியாக உள்ள சேமிப்பிடம் எதிலும் வைக்கப்படும். சேமிப்பிடத்துக்குச் செல்வது இருப்பிடத்தை நிரப்புவதற்காக மட்டுமே. இதனால் அன்றாட எடுப்பில் பதிவுப் பிழையின் தாக்கம் குறைகிறது.

### எந்தப் பொருள் அருகில்

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹெச். ஃபோர்டு டிக்கி 1951-ல் எழுதிய கட்டுரையால் பரவிய ஏ-பி-சி வகைப்பாடு, பொருட்களை அவற்றில் முடங்கும் பணத்தின் அளவுப்படி பிரிக்கிறது. கொள்முதலைக் கட்டுப்படுத்த அது உதவும். ஆனால் இடம் ஒதுக்குவதற்கு அதனை அப்படியே பயன்படுத்துவது தவறு. பணியாளர் நடப்பது பணத்துக்காக அன்று, எடுப்புகளுக்காகவே. ஒரு மாதப் பற்றுச்சீட்டுகளில் (பில்) ஒரு பொருள் எத்தனை வரிகளில் வருகிறது என்பதே இங்கு கருதத்தக்கது. ஒரே பற்றுச்சீட்டில் 200 எண்ணிக்கை விற்றாலும் அது ஒரு வரியே.

ஜே. எல். ஹெஸ்கெட் 1963-ல் இதனுடன் இடத்தின் அளவையும் சேர்த்து ஓர் அளவீட்டை முன்வைத்தார்.

```
COI = V / n
```

இங்கு `V` என்பது பொருளுக்குத் தேவைப்படும் இடத்தின் கொள்ளளவு. `n` என்பது குறித்த காலத்தில் அப்பொருள் எடுக்கப்படும் முறைகள். இம்மதிப்பு குறைவாக உள்ள பொருளே வாயிலுக்கு அருகில் வைக்கப்படும். சிறிய இடத்தை அடைத்து அதிகமுறை எடுக்கப்படும் பொருளுக்கே அருகிடம் உரியது என்பது இதன் பொருள்.

### எந்தத் தட்டு

இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டு அடிக்கடி எடுக்கும் பொருளுக்கு உரியது. எடை மிகுந்தவை அதற்குக் கீழே வைக்கப்படும். எடை குறைந்து, இடத்தை அடைப்பவை மேல்தட்டுக்குச் செல்லும். எடை மிகுந்த பெட்டியை மேல்தட்டில் ஏற்றுவதால் சட்டம் முன்சாயும் இடரும், இறக்குபவர் மேல் விழும் இடரும் உண்டு. குழாய் ஒட்டும் கரைப்பான் பசை எளிதில் தீப்பற்றக்கூடியது ஆதலால், எடுப்பு எண்ணிக்கை எதுவாயினும் அது மின்பலகைக்கு விலகிய கீழ்த்தட்டில் தனியே வைக்கப்படும்.

### ஓர் அறையில் ஒரு பொருள்

ஓர் அறையில் இரு பொருட்களை வைப்பதில்லை. அறை பெரிதாக இருந்தால் தடுப்பு இட்டு இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிக் குறி கொடுக்க வேண்டும். தோற்றத்தில் ஒத்த பொருட்களை அடுத்தடுத்த அறைகளில் வைப்பதும் தவிர்க்கப்படும். அரை அங்குல எல்போவுக்குப் பக்கத்தில் முக்கால் அங்குல எல்போ இருப்பது ஒழுங்காகத் தோன்றினாலும், கை ஓர் அறை தவறினால் பிழை கண்ணுக்குத் தெரியாது. இடையே ஒரு டீ அல்லது வால்வு இருந்தால் தவறு உடனே புலப்படும்.

### பழையது முன்னே

சுவரோரச் சட்டங்களில் முன்பக்கத்திலிருந்து மட்டுமே வைக்கவும் எடுக்கவும் முடியும். புதிய சரக்கை அப்படியே முன்னால் தள்ளினால் பழையது பின்னால் தங்கிவிடும். ஆகவே பழையதை முன்னே இழுத்து, புதியதைப் பின்னே வைப்பது விதி. பயன்பாட்டுக் காலம் குறிக்கப்பட்ட பசை, வண்ணம் போன்றவற்றில், வந்த நாளைக் காட்டிலும் காலாவதி நாளே வரிசையைத் தீர்மானிக்கும்.

### பதிவு முடியாமல் வைப்பு முடியாது

பெட்டியை வைத்தவர் அங்கிருந்து நகரும் முன் இடக்குறியைச் சீட்டில் எழுத வேண்டும். 'பிறகு எழுதலாம்' என்பதற்கு இம்முறையில் இடம் இல்லை. இடமின்றித் தரையில் வைக்க நேர்ந்தால் அதற்கும் ஒரு குறி வேண்டும். நடைபாதை ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களை வண்ணக் கோட்டால் வரையறுத்து `X-01`, `X-02` என்று பெயரிடலாம். திரும்பி வந்தவையும் உடைந்தவையும் வைக்க `X-90` போன்ற ஓரிடம் தனியே இருப்பது நல்லது; இல்லையெனில் உடைந்த பொருள் நல்ல இருப்பாகக் கணக்கில் நிற்கும்.

## எடுத்துக்காட்டு

10 மீட்டர் ஆழமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட, ஒரே வாயில் உள்ள கிடங்கை எடுத்துக்கொள்வோம். வாயிலை ஒட்டிய 2 மீட்டர், சரக்கு இறக்கவும் கட்டவும் விடப்படுகிறது. இடச்சுவரை ஒட்டி ஒரு வரிசைச் சட்டங்களும், நடுவில் முதுகோடு முதுகாக இரு வரிசைகளும், வலச்சுவரில் நீண்ட குழாய்களுக்கான தாங்கியும் உள்ளன. எனவே நடைபாதைகள் இரண்டு: `A`, `H`.

ஒவ்வொரு சட்டமும் 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. ஆழமும் கொண்டது. ஒரு வரிசைக்கு 8 சட்டங்கள் வீதம் 7.2 மீட்டர் நிரம்புகிறது. பின்சுவரருகே எஞ்சும் 80 செ.மீ. ஒரு நடைபாதையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியாகிறது. ஒரு சட்டத்துக்கு 5 தட்டு, ஒரு தட்டுக்கு 3 அறை என்று கொண்டால், 24 சட்டங்களில் 360 அறைகள் கிடைக்கின்றன. `A` நடைபாதையில் இடப்பக்கம் 01 முதல் 15 வரை ஒற்றைப்படை எண்களும், வலப்பக்கம் 02 முதல் 16 வரை இரட்டைப்படை எண்களும் வருகின்றன. `H` நடைபாதையில் இடப்பக்கம் ஒற்றைப்படைச் சட்டங்கள். வலப்பக்கக் குழாய்த் தாங்கியின் பிரிவுகளுக்கு இரட்டைப்படை எண்கள்.

இரு நடைபாதைகளிலும் எண்கள் வாயிலிலிருந்தே தொடங்குகின்றன. சிறிய எண் என்றால் வாயிலுக்கு அருகில் என்பது இதனால் எங்கும் பொருந்துகிறது. `A` வழியாக உள்ளே சென்று `H` வழியாக வெளியே வருபவருக்கு, எடுப்புப் பட்டியலில் `H` வரிகளை மட்டும் இறங்கு வரிசையில் அச்சிட்டால் நடை ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

நான்கு பொருட்களின் ஒரு மாத அளவைக் கொண்டு இடம் ஒதுக்குவது பின்வருமாறு:

* டெஃப்லான் டேப்: 9 லிட்டர் இடம், 90 எடுப்புகள். மதிப்பு 0.1.
* முக்கால் அங்குல சிபிவிசி எல்போ: 48 லிட்டர், 120 எடுப்புகள். மதிப்பு 0.4.
* ஓர் அங்குலப் பித்தளை பால் வால்வு: 15 லிட்டர், 10 எடுப்புகள். மதிப்பு 1.5.
* 110 மி.மீ. கழிவுநீர்க் குழாய் பெண்டு: 240 லிட்டர், 30 எடுப்புகள். மதிப்பு 8.

எல்போதான் அதிகமுறை எடுக்கப்படுகிறது. ஆயினும் சிறிய இடமே அடைக்கும் டேப்புக்கு முதலிடம் கிடைக்கிறது. எனவே டேப் `A-01-3-1` இலும், எல்போ `A-02-3-1` இலும் வைக்கப்படும். பணக் கணக்கில் முதன்மையான வால்வு இங்கு மூன்றாவதாகிறது. எடை மிகுந்தது என்பதால் இரண்டாம் தட்டில், `A-08-2-1` இல் வைக்கலாம். உள்ளே தள்ளி இருப்பது விலை மிகுந்த பொருளின் பாதுகாப்புக்கும் உகந்தது. பெண்டு வால்வைவிட மும்மடங்கு எடுக்கப்பட்டாலும், இடத்தை மிக அடைப்பதால் உட்கோடியில் ஐந்தாம் தட்டுக்குச் செல்கிறது. எடை குறைந்த அதனை மேலிருந்து இறக்குவது எளிது.

இப்போது எல்போவில் 100 கொண்ட பெட்டிகள் 5 வந்திறங்குகின்றன என்று கொள்வோம். அதன் இருப்பிடத்தின் உயர் அளவு 300. குறை அளவு 60. தற்போது எஞ்சியிருப்பவை 50. பணியாளர் முதலில் வாயிலில் பெட்டிகளை எண்ணி, விலைப்பட்டியலுடன் ஒப்பிட்டு, பெட்டியின் பக்கத்தில் வந்த நாளைப் பெரிதாக எழுதுகிறார். பிறகு இருப்பிடத்தில் உள்ள 50-ஐ முன்னே இழுத்து, இரண்டு பெட்டிகளைப் பின்னே வைக்கிறார். இருப்பு 250 ஆகிறது. மூன்றாவது பெட்டியையும் வைத்தால் 350 ஆகி அளவு மீறும். எனவே எஞ்சிய மூன்று பெட்டிகள் அதே நடைபாதையில் காலியாக உள்ள `A-11-5-2` க்குச் செல்கின்றன. பதிவு இவ்வாறு அமையும்:

```
item,location,qty,type
CE-075,A-02-3-1,250,HOME
CE-075,A-11-5-2,300,RESERVE
```

இருப்பிடத்தின் அட்டையிலும் `A-11-5-2` என்று பென்சிலால் எழுதப்படுகிறது. கணினி இயங்காத நேரத்திலும் சேமிப்பிடம் தெரிய இது உதவும். இருப்பு மீண்டும் 60-க்குக் கீழே இறங்கும்போது ஒரு பெட்டி அங்கிருந்து கொண்டுவரப்பட்டு, இரு வரிகளிலும் எண்ணிக்கை மாற்றப்படும். கடைசிப் பெட்டி வந்ததும் அட்டையில் உள்ள குறி அழிக்கப்படும்.

பதிவில் தவறான குறி நுழைவதைத் தடுக்க, 360 அறைகள், குழாய்த் தாங்கிப் பிரிவுகள், தரையிடங்கள் ஆகியவற்றின் குறிகளைத் தனித் தாளில் வைத்து, உள்ளிட்ட குறி அதில் உள்ளதா என்று விரிதாளிலேயே சோதிக்கலாம்.

```
=COUNTIF(Locations!A:A,B2)
```

விடை 0 எனில் அத்தகைய இடம் கிடங்கில் இல்லை. விடை 1 என்பதற்குப் பொருள் அப்படி ஓர் இடம் உண்டு என்பது மட்டுமே; பொருள் அங்குதான் உள்ளது என்பதற்கு அது சான்று ஆகாது.

## பிழைகளும் அவற்றின் அறிகுறிகளும்

ஒரு பொருளில் 20 குறைந்து, அதனை ஒத்த மற்றொரு பொருளில் 20 கூடியிருந்தால், அது பெரும்பாலும் திருட்டோ எண்ணிக்கைப் பிழையோ அன்று. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வைக்கப்பட்டதோ எடுக்கப்பட்டதோ ஆகும். இத்தகைய இணைப் பிழைகள் ஒரே இரு அறைகளுக்கு இடையே மீண்டும் தோன்றினால், அப்பொருட்களில் ஒன்றை வேறு சட்டத்துக்கு மாற்றுவதே தீர்வு. கணக்கை மட்டும் சரிசெய்தால் பிழை திரும்ப வரும்.

கணக்கின்படி இருக்க வேண்டிய பொருள் அதன் அறையில் அறவே இல்லை எனில், வைத்தபோது தட்டு எண் அல்லது அறை எண் தவறியிருக்கலாம். முதலில் அதே சட்டத்தின் மேல், கீழ்த் தட்டுகளையும், பின்னர் எதிர்ப்பக்கத்து அடுத்த எண்ணையும் பார்ப்பது பயன் தரும்.

சோதனையை இரு திசையிலும் செய்ய வேண்டும். பதிவேட்டிலிருந்து பத்து வரிகளைத் தெரிந்து அடுக்கில் பார்ப்பது ஒரு திசை. அடுக்கில் பத்து அறைகளைத் தெரிந்து பதிவேட்டில் பார்ப்பது மற்றொன்று. முதல் சோதனை இல்லாத பொருளைக் காட்டும். பதிவே இல்லாமல் கிடக்கும் பொருளை இரண்டாவது மட்டுமே காட்டும். நாளொன்றுக்கு ஒரு சட்டம் என்று எண்ணினால், 24 வேலை நாட்களில் எடுத்துக்காட்டுக் கிடங்கின் சட்டங்கள் முழுதும் ஒருமுறை எண்ணப்பட்டுவிடும்.

முறை நடைமுறையில் உள்ளதா என்பதை அறிய எளிய வழி, கிடங்குக்குப் புதியவர் ஒருவரிடம் குறிகள் கொண்ட பத்து வரிப் பட்டியலைக் கொடுத்து, யாரிடமும் கேளாமல் எடுத்துவரச் செய்வதாகும். அவர் நிற்கும் இடங்களே குறை உள்ள இடங்கள்: சீட்டு உதிர்ந்த தட்டு, அம்புக்குறி இல்லாத விளிம்பு, இரு பொருள் கலந்த அறை. வாயிலருகே முந்தைய நாள் இறக்கிய பெட்டிகள் காலையிலும் கிடந்தால், வைப்பு விதிகள் பின்பற்றப்படவில்லை என்பது எண்ணிப் பார்க்காமலே தெரியும்.

## வரம்புகள்

எடுப்பு எண்ணிக்கை பருவத்தோடு மாறும். ஆகவே ஒரு மாத அளவைக் கொண்டு ஒதுக்கிய இடம் ஆண்டு முழுவதும் சிறந்ததாக இருக்காது. எனினும் அடிக்கடி இடம் மாற்றினால் பணியாளரின் பழக்கம் கெடும். ஆண்டுக்கு ஓரிரு முறை, வாயிலருகே உள்ள சில சட்டங்களை மட்டும் மறுஆய்வு செய்வது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஆகும்.

மேற்கூறிய மதிப்பு ஒவ்வொரு பொருளையும் தனியாகவே கருதுகிறது. எல்போ வாங்குபவர் பசையையும் டேப்பையும் சேர்த்தே வாங்குவார் என்பதை அது அறியாது. சேர்ந்து விற்பவற்றை அருகருகே வைப்பதைப் பற்றுச்சீட்டுகளைப் பார்த்துத் தனியே முடிவு செய்ய வேண்டும்.

சட்டங்களையே நகர்த்த நேர்ந்தால், ஒட்டிய குறிகளைச் சட்டத்தோடு எடுத்துச் செல்லக் கூடாது. குறி சட்டத்துக்கு உரியதன்று, இடத்துக்கு உரியது. சரக்கு இயக்கம் இல்லாத ஒரு நாளில் புதிய குறிகளை ஒட்டி, பதிவேட்டில் எல்லா வரிகளையும் மாற்றிய பின்னரே கிடங்கைத் திறக்க வேண்டும். பழைய குறியும் புதிய குறியும் ஒரே நேரத்தில் வழங்கினால், குறியே இல்லாத நிலையைக் காட்டிலும் கூடுதல் குழப்பம் விளையும்.